பங்கா அறையில் ஒரு கோடிட்ட இடம்

பாடக் குறிப்பு எழுதும் தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். இடப்பக்கம் என்ன சொல்லித் தரப் போகிறோம், வலப்பக்கம் எப்படிச் சொல்லித் தரப் போகிறோம். மை கறுப்பாக இருக்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் ஓரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இப்படிப் பிரித்த தாள்களை முதலில் எழுதியும் பிறகு பிறர் எழுதியதைத் திருத்தியும் என் உத்தியோக காலம் கழிந்தது. கல்வி இலாகாவின் நடைமுறைகள் எனக்கு மனப்பாடம். எந்தக் கடிதத்துக்கு எத்தனை நகல், எந்த விடுப்புக்கு யார் ஒப்புதல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். இலாகாவின் எந்தச் சுற்றறிக்கையிலும் அடங்காத ஒரே ஒரு பாடத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவின் ஈப்போ நகரில் நடந்தது.

அப்போது நான் ஓர் ஆங்கிலப் பள்ளியில் தற்காலிக ஆசிரியன். என்னைப் போன்றவர்கள் வாரநாள்களில் பாடம் நடத்திவிட்டு, சனிக்கிழமை காலையில் அதே பள்ளியில் நடந்த நார்மல் கிளாஸ் என்ற பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். அதில் தேறிச் சான்றிதழ் வாங்கினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வந்த வழியே போகலாம். என்னோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவனும் அந்த வகுப்பில்தான் படித்தான். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அவன் அப்பா அங்கே மண்டோராக, அதாவது ஆள்களை மேய்க்கிற கங்காணிக்கு அடுத்த நிலையில், இருந்து செத்துப்போனார். தோட்டத்திலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு வந்து, அங்கேயே ஆசிரியனாகவும் நின்றவன் அவனுக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான். ஆகவே திரும்பிப் போவதைப் பற்றி அவன் பேசும்போதெல்லாம் அடக்கத்துக்குப் போவதைப் பற்றிப் பேசுகிற குரல் வரும்.

"அங்க போனா, ரப்பர்ப் பால் நிறுக்கிற கொட்டாயில நிக்கச் சொல்வான் வெள்ளக்காரன். நான் நிப்பேன். அதான் பயமா இருக்கு மச்சான்," என்றான் ஒருமுறை. நிற்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

அவனைக் கவிழ்த்தது ஒரே ஒரு பாடம். தேர்வுக்கு ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பெட்டியிலிருந்து சீட்டு எடுக்கிற முறை. இரண்டு ஆண்டும் அவன் கைக்கு வந்தது அதே சீட்டு: ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது, செய்கிறவனைச் சொல்லாமல் செய்யப்படுகிற பொருளை முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும். A new bridge is being built. The road was being repaired when we passed. இதைக் கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சியாக நடத்த வேண்டும். கரும்பலகையில் வாக்கியத்தை எழுதி, வினைச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. வரியின் கடைசியில் வெறும் வினைச்சொல். பையன் எழுந்து வந்து கோட்டின் மேல் மூன்று சொல்லை எழுத வேண்டும். ஒருமை பன்மையும் காலமும் பார்த்து is, are, was, were என்பவற்றில் ஒன்று. அதன் பின் being. அதன் பின் வினையின் மூன்றாம் வடிவம். பையன்கள் being என்பதை விழுங்கிவிடுவார்கள், அல்லது been என்று எழுதுவார்கள். நம் ஆள்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ரோடு ரிப்பேர் ஆகிறது என்று சொல்லிப் பழகிய நாக்கு, அந்த ரோடே உட்கார்ந்து எதையோ ரிப்பேர் செய்வது போல The road is repairing என்று சொல்லும். என் அறைத்தோழன் முதல் ஆண்டு, தேர்வு நடத்த வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரையின் முன்னால் அதைத்தான் சொன்னான். இரண்டாம் ஆண்டு பதற்றத்தில் அதையே எழுதியும் காட்டினான்.

மூன்றாவது முறைக்கு மேல் வாய்ப்பு இல்லை. மூன்றாவது முறையும் அதே சீட்டு வந்தது. சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு அவன் சிரித்ததை நான் பார்த்தேன். நல்ல சிரிப்பு இல்லை.

எங்கள் பயிற்சி ஆசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். பலகையில் எழுதுகிற வாக்கியம் அந்த நிமிடத்தில் உண்மையாக இருக்க வேண்டும். பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று எழுதினால், பையன் சன்னலில் எட்டிப் பார்த்தால் பாலம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வாக்கியத்தை அழி. புத்தகத்திலிருந்து எடுத்த வாக்கியங்களை அவர் பிணங்கள் என்பார். இந்த விதியோடு என் அறைத்தோழன் பல நாள் முட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு சனிக்கிழமை வகுப்பில் நிமிர்ந்து மேலே பார்த்தான். அவ்வளவுதான், பாடம் கிடைத்துவிட்டது.

மேலே பங்கா ஆடிக்கொண்டிருந்தது. பள்ளியின் பெரிய கட்டடத்துக்கு மின்விசிறி வந்துவிட்டது. நார்மல் கிளாஸ் நடந்த பழைய பக்கக் கட்டடத்தில் மட்டும் அந்தக் காலத்துப் பங்கா. நீளமான மரச்சட்டத்தில் துணி தைத்து உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருக்கும். அதில் கட்டிய கயிறு ஒரு கப்பியைத் தாண்டி, சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் பின் வராந்தாவுக்குப் போகும். அங்கே மூங்கில் தட்டிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒரு பெரியவர் இழுப்பார். தெற்கே சுங்காய் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். கயிற்றின் நுனியில் ஒரு வளையம் போட்டு, அதைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டே காலை ஆட்டுவார். தூங்கினாலும் கால் நிற்காது. அறைக்குள் இருப்பவர்களின் கண்ணுக்கு அவர் படமாட்டார்.

"யாரு செய்றான்னு தெரியாது. ஆனா வேலை நடந்துக்கிட்டே இருக்கு. இந்தப் பாடத்துக்கு இதவிட வேற என்னலா வேணும்?" என்றான். உண்மைதான். அந்த இலக்கணத்தை அவனுக்குப் பத்து ஆங்கிலப் புத்தகங்கள் விளக்கவில்லை. அந்தக் கயிறு விளக்கிவிட்டது. அன்றிலிருந்து அவன் is repairing என்று சொல்லவே இல்லை.

பெரியவரிடம் போய் ஏற்பாடு செய்துகொண்டான். சுவரை மூன்று தடவை தட்டினால் இழுக்கத் தொடங்க வேண்டும். பிரம்பால் பலகையை ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும். மறுபடி தட்டினால் மறுபடி இழுக்க வேண்டும். பெரியவர் கேட்டுவிட்டு, இதெல்லாம் பள்ளிக்கூடத்துல படிப்பா என்று விசாரித்தாராம். ஆமாம் என்றதும், அப்படியானால் தானும் வாத்தியார்தான் என்று சொல்லிச் சிரித்தாராம்.

மாதிரிப் பாடத்தன்று காலையில் வெயில் இல்லை. மேகம் கவிந்து, காற்றே அசையாத புழுக்கம். நான்காம் வகுப்புப் பையன்கள் முன்வரிசைகளில் உட்கார்ந்தார்கள். பயிற்சியில் இருந்த நாங்கள் பின்வரிசையில், குறை எழுதும் தாள்களோடு. சக ஆசிரியனின் குறைகளைக் குறைந்தது ஆறு எழுத வேண்டும் என்பது முறை. எனக்கு அது பிடித்தமான பயிற்சி. கதவோரம், எனக்குப் பக்கத்து நாற்காலியில், இன்ஸ்பெக்டர் துரை. நெட்டையான, வறண்ட மனிதர். மடியில் மதிப்பெண் தாள்.

என் அறைத்தோழன் வந்து துரைக்கு வணக்கம் சொன்னான். சுவரருகே போய் மூன்று தடவை தட்டினான். பங்கா ஒரு முறை சிலிர்த்தது, பிறகு ஆடத் தொடங்கியது. பையன்களின் தலைமுடி ஒரே பக்கமாக அசைந்தது. அவன் முகத்தில் நிம்மதி.

பங்காவைக் காட்டி, இது தானாக ஆடுகிறதா என்று கேட்டான். இல்லை சார். யாராவது இழுக்கிறார்களா? ஆமாம் சார். அவரைப் பார்க்க முடிகிறதா? இல்லை சார். பார்க்க முடியாதவரைப் பற்றிப் பேச வேண்டாம், பார்க்க முடிவதைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லிப் பலகையில் எழுதினான்.

The punkah ______ now. — pull

கேள்வியும் வரிசையும் ஒழுங்காக இருந்தன. என் தாளில் எழுதக் குறை ஒன்றும் கிடைக்கவில்லை. முதல் பையன் is pulling என்று எழுதினான். அது வரும் என்று எதிர்பார்த்தே அவன் காத்திருந்தான். பங்கா யாரையாவது இழுக்கிறதா என்று கேட்டதும் வகுப்பு சிரித்தது. இரண்டாவது பையன் is pulled என்று எழுதினான். அது தினமும் நடக்கிறதைச் சொல்வது, இந்த நிமிடம் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லவில்லை என்று விளக்கினான். மூன்றாவது பையன் is being pulled என்று எழுதினான். பங்கா ஆடியது. எல்லாம் உண்மையாக இருந்தது.

அப்போது துரையின் மடியிலிருந்த தாள் பறந்து என் காலடியில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி பறந்தது. அவர் குனிந்து, பின்னால் போய் அந்த ஆளை மெதுவாக இழுக்கச் சொல் என்று என் காதில் சொன்னார்.

கதவு வழியாக வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு பின் வராந்தாவுக்கு வந்தேன். மூங்கில் தட்டியை விலக்கினேன்.

முக்காலி காலியாக இருந்தது.

கயிறு ஓட்டையிலிருந்து இறங்கி வந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆடியது என்று சொல்வது சரியில்லை. கீழே இழுபட்டு விறைத்தது, தளர்ந்தது, மறுபடி இழுபட்டு விறைத்தது. நுனியில் இருந்த வளையம் துவண்டு தொங்கவில்லை. உள்ளே ஒரு விரல் இருந்தால் எப்படி விரிந்து நிற்குமோ அப்படி விரிந்து நின்றது. நான் சுற்றிலும் பார்த்தேன். வராந்தா நெடுக யாரும் இல்லை. கீழே மணல், மணலில் தடம் ஒன்றும் இல்லை. கயிற்றில் கை வைக்கலாமா என்று நினைத்தேன். கை நீளவில்லை. மெதுவாக இழுக்கச் சொல் என்று எனக்கு உத்தரவு. அதைச் சொல்லிவிட்டுத்தானே போக வேண்டும்? இலாகா ஊழியன் என்றால் அப்படித்தான். காலியான முக்காலியைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவா," என்றேன்.

கயிறு மெதுவானது.

எப்படி உள்ளே வந்தேன் என்று நினைவில்லை. துரையிடம் குனிந்து, அங்கே யாரும் இல்லை என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த நாட்டு ஆள்களைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயம் எல்லாம் இருந்தது. சத்தம் வராமல் எழுந்து தானே போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்து உட்கார்ந்தபோது கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினார், பங்காவின் நிழலிலிருந்து காலை எடுத்துக்கொள்வது போல.

முன்னால் நின்றவனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் பிரம்பால் பலகையை ஒரு தட்டு தட்டினான். பங்கா நின்றது. now என்ற சொல்லை அழித்துவிட்டு, when the inspector went out என்று எழுதினான். துரை வெளியே போனதையே பாடத்தில் சேர்த்துக்கொண்டான் பாருங்கள், அந்தச் சமயோசிதத்துக்கே மதிப்பெண் போடலாம். இப்போது கோட்டில் என்ன வரும் என்றான். ஒரு பையன் ஓடிவந்து was being pulled என்று எழுதினான். ஏன் was? துரை வெளியே போனபோது இழுக்கப்பட்டுக்கொண்டிருந்தது, இப்போது இல்லை. சரி. மறுபடி பிரம்புத் தட்டு. பங்கா புறப்பட்டது. மறுபடி is.

அவனுக்குள் ஒரு குஷி பிறந்துவிட்டது. பிரம்பைத் தட்டத் தட்ட நின்றும் ஆடியும் பங்கா அவனுக்குக் கீழ்ப்படிந்தது. பெரியவர் இத்தனை கெட்டிக்காரராக இருப்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒருமுறை அவன் பிரம்பை ஓங்கிவிட்டுத் தட்டாமலே நின்றான். பையன் கோட்டில் was என்ற சொல்லை எழுதினான். தட்டு விழாமலே பங்கா நின்றது. அதை மூன்று பேர் கவனித்தோம். என் அறைத்தோழன் சிரித்தான். துரை சிரிக்கவில்லை. பலகையில் எழுதுவதை, சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதாக நாங்கள் நினைத்த எதனாலும் படிக்க முடியாது.

பாடக் குறிப்பில் கடைசிப் படி ஒன்று உண்டு. செய்பவனைச் சொல்ல வேண்டியபோது எப்படிச் சொல்வது என்று காட்ட வேண்டும். by என்ற சொல்லைச் சேர்த்து, அதன் பின் ஆளைப் போட வேண்டும். இந்தப் படி இல்லாத பாடம் முழுமையில்லை. முழுமையில்லாத பாடத்துக்குத் தேர்ச்சி இல்லை. இது விதி. அவன் பலகையைத் துடைத்துவிட்டு எழுதினான்.

The punkah is being pulled by ______.

சுண்ணாம்புக் கட்டி கோட்டை இழுத்து முடித்தபோது பங்கா நின்றது. பங்கா நின்றால் நேராகத் தொங்கும். அன்று அப்படி நிற்கவில்லை. இழுபட்ட நிலையிலேயே, ஒரு பக்கமாகச் சாய்ந்து, துணி விறைப்பாக, அந்தரத்தில் நின்றது. யாரோ இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கூட விடாமல், காதைக் கொடுப்பது போல. அறையில் ஒரு பையன்கூட அசையவில்லை. புழுக்கம் இறங்கி வந்து மேலே உட்கார்ந்தது.

யார் வந்து நிரப்பப் போகிறீர்கள் என்று அவன் கேட்டான். முன்வரிசையில் சுருட்டைமுடிப் பையன் ஒருவன் எழுந்து சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வாங்கினான். வாங்கிவிட்டு மேலே பார்த்தான்.

"தட் வில் டூ," என்றார் துரை. குரல் உடைந்திருந்தது. போதும், பாடம் முடிந்தது, பையன்கள் கலையலாம்.

அவர் சொல்லி முடித்ததும் பங்கா மெல்ல மெல்ல இறங்கி நேராக நின்றது. பெருமூச்சு விட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. துணிக்கு மூச்சு இல்லை.

பையன்கள் போனபின் துரை மதிப்பெண் தாளோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். என் அறைத்தோழன் பலகையருகே கை கட்டி நின்றான். கடைசிப் படியை நடத்த விடாமல் நிறுத்தினார்கள் என்றால் அவன் தோற்றான் என்று பொருள்; அப்படித்தான் அவன் எடுத்துக்கொண்டான். முகம் சாம்பலாக இருந்தது. ஆனால் நடைமுறை தெரிந்த எனக்கு வேறு ஒன்று புரிந்தது. ஒருவனைத் தோற்கடிக்க வேண்டுமானால் காரணத்தை எழுத வேண்டும். எழுதி, அதற்கு ஒரு நகல் எடுத்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தேர்ச்சி கொடுக்கக் காரணம் தேவையில்லை. பெயரின் முதலெழுத்தைப் போட்டால் போதும். கடைசிப் படி ஏன் நடக்கவில்லை என்று எழுத வேண்டிய மனிதர் துரைதான். அவர் பேனாவை எடுத்தார், தாளைப் பார்த்தார், ஒரு முறை பங்காவையும் பார்த்தார். முதலெழுத்தைப் போட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, பின் வராந்தாப் பக்கம் போகாமல் முன்வாசல் வழியாகப் போனார்.

தேர்ச்சி என்று கேள்விப்பட்டதும் என் அறைத்தோழன் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து பையிலிருந்து ஒரு சுருட்டுக் கட்டை எடுத்தான். பெரியவருக்கென்று முந்தின நாளே வாங்கி வைத்திருந்தானாம். தடுக்க நினைத்தேன், எதைச் சொல்லித் தடுப்பது? பின்னாலேயே போனேன்.

முக்காலி அப்படியே காலியாக இருந்தது. கயிறு தொங்கியது. பெரியவர் எங்கே போய்விட்டார் என்று அவன் தலைமைக் குமாஸ்தாவிடம் கேட்கப் போனான். குமாஸ்தா நிமிராமலே பதில் சொன்னாராம். மருமகனுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து, பெரியவர் விடிகாலை ரயிலில் சுங்காய்க்குப் போய்விட்டார். விடுப்பைத் தான் முறைப்படி பதிந்துவிட்டதாகவும், அதை வாரக் கடைசியில் தலைமை ஆசிரியருக்குத் தெரிவிப்பதாகவும் சொன்னாராம். குமாஸ்தாமீது குற்றம் சொல்ல முடியாது. விதி அதுதான்.

அவன் திரும்பி வந்து வராந்தாவில் நின்றான்.

"நீ பார்த்தியா?" என்றான்.

"பார்த்தேன்."

"யாரு?"

நான் முக்காலியைக் காட்டினேன். அவன் சுருட்டுக் கட்டை அதன் மேல் வைத்தான். தோட்டத்து எல்லையில் முனியாண்டி சாமிக்கு வைப்பது போல, சத்தம் வராமல், இரண்டு கையாலும்.

"யாரா இருந்தாலும் நல்லா இழுத்தாங்க மச்சான்," என்றான்.

எங்கள் இருவருக்கும் சான்றிதழ் வந்தது. வேலை நிரந்தரமாயிற்று. நிரந்தர ஆசிரியருக்குத் தனி வகுப்பறை கொடுக்க வேண்டும் என்பது அடுத்த விதி. புதிய கட்டடத்தில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. அத்தோடு அங்கே இடம் தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது பங்கா அறை மட்டும். தலைமை ஆசிரியர் அதன் சாவியை அவன் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு ஏன் என்றும் சொல்ல வேண்டும். அன்று மாலை நான் அவனிடம் வேறு ஊரில் வேலை கேட்டுப் பாரேன், இடமாற்றத்துக்கு மனு எழுதித் தருகிறேன் என்றேன். புதிதாக நிரந்தரமானவன் மனு போட்டால் அதை எங்கே வைப்பார்கள் என்று எனக்கே தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது.

"கொட்டாயில நிக்கிறதுக்கு இது தேவலலா," என்றான்.

பெரியவர் சுங்காயிலிருந்து திரும்பி வந்து மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். மருமகன் பிழைத்துக்கொண்டான். சுருட்டுக் கட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் வந்து பார்த்தபோது முக்காலியில் ஒன்றும் இல்லையாம். ஆனால் சில வாரங்களிலேயே அவர் பேச்சு மாறியது. ஒரு நாள் காலையில் அவர் என் அறைத்தோழனைக் கூப்பிட்டு, நானும் கூட நின்றிருந்தபோது, கயிற்றைக் காட்டினார்.

"காலைல நான் வந்து தொடறப்பவே கயிறு சூடா இருக்குங்கய்யா," என்றார். "யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாரி. பாயி விரிச்சுப் படுத்தவன் எந்திரிச்சா அந்த எடம் சூடா இருக்கும் பாருங்க, அந்த மாரி."

எலி கிலி ஓடியிருக்கும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். எலி பங்கா இழுக்குங்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

அந்த மாதம் முடிந்ததும் அவர் வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். போகிற அன்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார். எங்களையல்ல.

ஒரு பங்கா இழுப்பவர் போய்விட்டால், அந்தப் பதவி காலியாகிறது. காலியிடம் என்று தலைமை ஆசிரியர் எழுத வேண்டும். இலாகா, அந்தப் பதவி அவசியமா என்று திருப்பிக் கேட்கும். அவசியமென்றால், அறையில் வெக்கை தாங்க முடியவில்லை என்று அறைப் பொறுப்பாளரான ஆசிரியர் எழுதிக் கொடுக்க வேண்டும். என் அறைத்தோழனுக்கு அந்தக் கடிதம் போனது. அவன் பதில் எழுதவில்லை. நினைவூட்டல் போனது. பதில் இல்லை.

அந்த இடைப்பட்ட காலத்தில் நான் ஒரு மத்தியானம் அவன் அறைப்பக்கம் போனேன். வெயில் ஓட்டின் மேல் கொதித்துக்கொண்டிருந்தது. என் அறையில் மின்விசிறி பழுதாகி, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே நாற்பது பையன்கள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். தாள்களின் ஓரங்கள் லேசாகப் படபடத்தன. அவன் மேசையருகே நின்றிருந்தான். வியர்வை ஒரு துளி இல்லை. என்னைப் பார்த்ததும், உள்ளே வராதே என்பது போல ஒரு கையை உயர்த்தினான். அவன் பலகையில் அன்றைய பயிற்சி இருந்தது. எல்லா வாக்கியத்திலும் செய்பவர் முன்னால் இருந்தார்: The carpenter ______ a chair. The men ______ the drain. ஒரு வரியில்கூட ஆள் இல்லாமல் இல்லை. செய்பவரைச் சொல்லாத பாடம் வருகிற வாரத்தில் மட்டும் அவன் தன் பையன்களை என் அறைக்கு அனுப்பிவிடுவான். நான்தான் நடத்துவேன். நான் பாலத்தை வைத்து நடத்துவேன்; சன்னலில் எட்டிப் பார்த்தால் கட்டுகிற ஆள்கள் தெரிவார்கள்.

நான் மேலே பார்க்கவில்லை. கதவோரத்திலிருந்தே திரும்பிவிட்டேன்.

அந்தப் பதவி பிறகு நிரப்பப்படவில்லை. நான் இலாகாவுக்கு மாறியபின் அந்தக் கோப்பு என் மேசைக்கே வந்தது, ஒப்புதல் கையெழுத்துக்கு. குறிப்பு சுருக்கமாக இருந்தது: மேற்படி அறையிலிருந்து வெக்கை குறித்து இதுவரை எந்தப் புகாரும் வராததால், பங்கா இழுப்பவர் பதவி தேவையில்லை என்று கருதி நீக்கப்படுகிறது. நடைமுறைப்படி எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.